வாலின் அடியிலிருந்து தொடங்குங்கள்: குதிரையா, கழுதையா, கோவேறு கழுதையா?

பழைய புகைப்படங்களைப் பார்த்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று விவரக் குறிப்பு எழுதும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வண்டி இழுக்கும் விலங்குகள், சுமை தூக்கும் விலங்குகள், ஆளை ஏற்றிச் செல்லும் விலங்குகள் இல்லாத தொகுப்பே கிடையாது. முன்பு குறிப்பு எழுதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ‘குதிரை’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். காது கொஞ்சம் நீளமாகத் தெரிந்தால் ‘கழுதை’. கோவேறு கழுதை என்று ஒன்று இருப்பது பலருக்கு நினைவுக்கே வந்திருக்காது. மலைப்பாதைகளிலும் போர்முனைகளிலும் சுமையைச் சுமந்தது பல நேரங்களில் அந்தக் கோவேறு கழுதைதான். அதன் உழைப்பு இன்னொரு விலங்கின் பெயரில் பதிவாகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இந்த மூன்றையும் படத்தில் பிரித்துப் பார்ப்பதை ஒரு தனிப் பாடமாகவே கற்றுக்கொண்டேன். கற்றதில் பயன்பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கழுதையையும் குதிரையையும் பிரிப்பது அவ்வளவு கடினம் அல்ல. நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விலங்கால் வருகிறது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இவற்றின் கலப்புக்கு 63. இந்த ஒற்றைப்படை எண்ணிக்கையால் இனப்பெருக்க அணுக்கள் சரிவர உருவாவதில்லை. ஆகவே கோவேறு கழுதை ஏறக்குறைய எப்போதும் மலடாகவே இருக்கிறது. படம் பார்ப்பவருக்கு இந்த உயிரியலால் ஒரு நேரடி விளைவு உண்டு. கோவேறு கழுதையிலிருந்து கோவேறு கழுதை பிறப்பதில்லை என்பதால், ஒவ்வொன்றும் ஒரு தாய்க் குதிரையிலிருந்தும் ஒரு தந்தைக் கழுதையிலிருந்தும் புதிதாக உருவாகிறது. தாய் பெரிய வண்டிக் குதிரையாக இருந்தால் ஒரு தோற்றம். மெலிந்த சவாரிக் குதிரையாக இருந்தால் வேறு தோற்றம். தாய் மட்டக்குதிரை என்றால் இன்னொரு தோற்றம். ஒன்றுக்குக் காது தந்தையுடையது போல நீண்டிருக்கும், வால் தாயுடையது போல அடர்ந்திருக்கும். இன்னொன்றுக்குக் காது அவ்வளவு நீளம் இருக்காது, ஆனால் குளம்பும் பின்புறமும் கழுதையைக் காட்டிக் கொடுக்கும். ஒரே ஓர் அடையாளத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சுமை விலங்குகளோடு வாழ்நாள் முழுவதும் பழகிய முதியவர் ஒருவரிடம் ஒருமுறை சில படங்களைக் காட்டினேன். நான் பெரிதாக்கி வைத்திருந்தது தலைகளைத்தான். அவர் படத்தைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். “காதைக் கடைசியில் பார்க்கலாம் தம்பி. அது நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்பும். வால் எங்கே போகப் போகிறது? அதன் அடியைப் பாருங்கள். முதலில் கழுதையை விலக்குங்கள். மிச்சம் இருப்பதைப் பிறகு யோசிக்கலாம்” என்றார். அன்று முதல் என் வரிசை அதுதான். முதல் கேள்வி: இது கழுதையா, இல்லையா? இதற்கு வால் பதில் சொல்லும். இல்லை என்றால் இரண்டாவது கேள்வி: குதிரையா, கோவேறு கழுதையா? இதற்கு ஒரு சாட்சி போதாது. காது, முதுகு, பின்புறம், குளம்பு ஆகிய நான்கில் இரண்டு மூன்றாவது ஒன்றுபட வேண்டும்.

வாலைப் பார்ப்பது எப்படி? உடம்பிலிருந்து வால் வெளியே வரும் இடத்தில் எலும்பும் தசையும் கொண்ட ஒரு தண்டு இருக்கிறது. குதிரையில் அந்தத் தண்டின் தொடக்கத்திலிருந்தே நீண்ட மயிர் முளைத்துத் தொங்குகிறது. அதனால் தண்டு வெளியே தெரியாது. வால் முழுவதும் மயிராலான ஒரே கற்றையாகவே தோன்றும். கழுதையில் தண்டின் மேற்பகுதி முழுவதும் உடம்பில் இருப்பது போன்ற குட்டை மயிர்தான். தண்டு தனியாகக் கண்ணுக்குத் தெரியும். நீண்ட மயிர் அதன் கீழ்ப்பகுதியில்தான் குஞ்சமாகத் தொடங்கும். மாட்டின் வாலை நினைத்துக்கொண்டால் போதும். கோவேறு கழுதையின் வால் இந்த விஷயத்தில் தாயின் பக்கம் சாய்கிறது. மயிர் மேலிருந்தே வருகிறது. ஆனால் குதிரையளவு அடர்த்தி பல நேரம் இருக்காது. அடியில் ஒரு சிறு பகுதி மெலிந்தோ குட்டையாகவோ இருக்கலாம். அந்த மெலிவைக் கண்டு கழுதை என்று முடிவு கட்டக் கூடாது. நீண்ட மயிர் தண்டின் பாதிக்கு மேலேயே தொடங்கிவிட்டதா என்பதுதான் நான் பார்ப்பது. தொடங்கிவிட்டால் கழுதை இல்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: விலங்கின் உயரமோ நிறமோ தூரமோ இதைக் கெடுப்பதில்லை. படத்தில் ஒரு சின்ன உருவமாக, பின்னாலிருந்து தெரிந்தால்கூட வாலின் நிழலுருவம் தெரியும். மேலே மெலிந்து கீழே மட்டும் பருத்திருந்தால் ஒரு கதை, மேலிருந்தே பருத்திருந்தால் வேறு கதை.

சோதனை தோற்கும் இடங்களும் உண்டு. மனிதர் கத்தரித்த வால் முதலாவது. வண்டிக் குதிரைகளின் வால்தண்டையே குட்டையாக வெட்டும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. பழைய படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். வாலின் மேற்பகுதி மயிரை ஒழுங்குக்காக மழித்து, கீழே மட்டும் தொங்கவிடுவதும் உண்டு. ராணுவக் கோவேறு கழுதைகளின் வாலை அடுக்கடுக்காகக் கத்தரித்ததும் உண்டு. கத்தரித்த வாலில் மயிரின் ஓரம் நேர்கோடாக, வெட்டியது போலவே இருக்கும். கழுதையின் குஞ்சமோ படிப்படியாகத் தொடங்கும். அரிப்பால் மரத்தில் தேய்த்துத் தேய்த்து வாலடியில் மயிர் உதிர்ந்த குதிரை இரண்டாவது. அங்கே மயிர் முறிந்து, கலைந்து, நாலாபுறமும் குத்திட்டு நிற்கும். மூன்றாவது குட்டி. குதிரைக் குட்டியின் வால் குட்டையாகப் பஞ்சு போலத்தான் இருக்கும். அதன் பிடரிமயிரும் நிமிர்ந்தே நிற்கும். குட்டிகளுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பிடரிமயிரைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த எண்ணம் இல்லை. விதி எளிமையானதுதான். குதிரைக்குப் பிடரிமயிர் நீண்டு கழுத்தின் ஒரு பக்கமாகச் சரியும். காதுகளுக்கு இடையிலிருந்து ஒரு கற்றை நெற்றியில் விழும். கழுதைக்குப் பிடரிமயிர் குட்டை, விறைப்பு, நேராக நிற்கும். நெற்றிக் கற்றை பொதுவாக இருக்காது. கோவேறு கழுதைக்கு மெலிந்த மயிர், பாதி நின்று பாதி சாயும். நெற்றிக் கற்றை இருந்தால் மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் உடம்பில் மனிதர் மிக எளிதாகக் கத்தரிக்கும் பகுதி இதுதான். போலோ ஆடும் குதிரைகளுக்கு மட்டையில் சிக்காமல் இருக்கப் பிடரியை முழுவதுமாக மழிப்பார்கள். நார்வேயின் ஃபியோர்டு குதிரைக்கு அதை நிமிர்ந்து நிற்கும்படி வெட்டுவது மரபு. நடுவில் கறுப்பு மயிரும் இரு ஓரங்களில் வெளிர் மயிருமாக அது அழகாகவே இருக்கும். சேணத்தோடு வேலை செய்யும் கோவேறு கழுதைகளுக்கும் மழித்துவிடுவார்கள். மத்திய ஆசியாவின் காட்டு இனமான பிரெஷ்வால்ஸ்கி குதிரைக்கோ இயற்கையிலேயே நிமிர்ந்த பிடரி, நெற்றிக் கற்றையும் கிடையாது. ஆகவே நிமிர்ந்த பிடரி எதையும் நிரூபிக்காது. நீண்டு சரிந்து விழும் அடர்ந்த பிடரி இருந்தால் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். அது பெரும்பாலும் குதிரை. ‘பெரும்பாலும்’ என்று சொல்வதன் காரணம், அடர்ந்த பிடரியுள்ள தாய்க்குப் பிறந்த கோவேறு கழுதைக்கும் சரிந்து விழும் பிடரி வாய்ப்பதுண்டு.

இப்போது காதுக்கு வரலாம். நம் வளர்ப்புக் கழுதையின் மூதாதை வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுக் கழுதை. பெரிய காது வெப்பத்தை வெளியேற்றவும் தொலைவிலுள்ள ஒலியைப் பிடிக்கவும் அங்கே உதவியது. அந்த நீளத்தைக் கோவேறு கழுதை தந்தையிடமிருந்து பெறுகிறது. ஆனால் ‘நீளம்’ என்பதைக் கண்ணளவில் சொல்லக் கூடாது. தலையோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். மட்டக்குதிரையின் காது அதன் சிறிய உடம்பில் பெரிதாகத் தெரியும். கனத்த தலையுள்ள உயரமான கோவேறு கழுதையின் காது சிறிதாகத் தெரியும்.

நான் செய்வது இதுதான். தலை பக்கவாட்டில் தெரியும் படத்தில், காதின் அடியிலிருந்து கண் வரை உள்ள தூரத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காதோடு வைத்துப் பார்க்கிறேன். குதிரையின் காது அந்தத் தூரத்துக்குள் அடங்கும், அல்லது அதற்குச் சமமாக இருக்கும். கோவேறு கழுதையின் காது அதைத் தெளிவாகத் தாண்டும். கழுதையின் காது வெகுவாகத் தாண்டும். மடித்து முகத்தின் மேல் வைத்தால் கண்ணைக் கடந்து கன்னத்தில் இறங்கும். திரையில் பார்ப்பவர்கள் அளவுகோலைத் திரையின் மேலேயே வைத்து அளக்கலாம். கருவி எதுவானாலும், ஒரே தலையில் உள்ள இரண்டு தூரங்களை ஒப்பிடுவதுதான் முக்கியம்.

நீளத்தோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும். குதிரையின் காது குட்டையாக, நுனி சற்றே உள்நோக்கி வளைந்திருக்கும். கழுதையின் காது அடியில் குறுகி நடுவில் அகன்றிருக்கும், உள்ளே மயிர் அடர்ந்திருக்கும், விளிம்பும் நுனியும் பல நேரம் கருமையாக இருக்கும். கோவேறு கழுதையின் காது நீளத்தில் தந்தையை ஒத்திருந்தாலும் அகலத்தில் குறைவு. வெளிக்கோடு தாயுடையதை நினைவுபடுத்தும். வடிவம் ஏமாற்றும் ஒரு குதிரை உண்டு: ராஜஸ்தானின் மார்வாரி. அதன் காது நுனிகள் உள்நோக்கிச் சுருண்டு ஒன்றையொன்று தொடும். அசாதாரணமான காது என்பதால் கலப்பு விலங்கோ என்று சந்தேகப்பட்டுக் கேட்டவர்கள் உண்டு. நீளத்தை அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படத்தில் காது கெட்டுப்போகும் விதங்களையும் சொல்லிவிடுகிறேன். காது கேமராவை நோக்கி முன்னால் நீட்டியிருந்தால் நீளம் சுருங்கிவிடும். நுனி மட்டும் நம் பக்கம் தெரியும். அகலக் கோண லென்ஸில், மிக அருகில், விலங்கு தலையை நீட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் மூக்கு பெருத்து, பின்னால் உள்ள காது சிறுத்துவிடும். இதே லென்ஸில் மேலிருந்து எடுத்தால் காதுகள் பெருத்துவிடும். இளைப்பாறும் கோவேறு கழுதையும் கழுதையும் காதுகளை இரு பக்கமும் தொங்கவிட்டு நிற்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு நல்ல தடயம்தான். கோபத்திலோ முயற்சியிலோ காதைப் பின்னுக்கு அழுத்தி வைத்திருந்தால் அது கழுத்தோடு ஒட்டிக் காணாமலே போகும். வண்டி இழுக்கும் விலங்குக்குக் கண்மறைப்பும் தலைவார்களும் காதின் அடியை மறைத்துவிடும். அடி தெரியாத காதை அளக்க முடியாது. இவை எல்லாம் சேர்ந்துதான் காதை என் வரிசையில் வாலுக்குப் பின்னால் தள்ளின.

உடலமைப்பில் நான் பார்ப்பது மூன்று இடங்கள். முதலாவது, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள்களுக்கு மேலே உள்ள மேடு. பெரும்பாலான சவாரிக் குதிரைகளில் அது தெளிவாக எழும்பி, பிறகு முதுகு சற்றே இறங்கும். கழுதையில் அந்த மேடு தாழ்வு. முதுகு நேர்கோடாகப் போகும், சிலவற்றில் பின்புறம் தோளைவிட உயர்ந்தும் தெரியும். கோவேறு கழுதை பெரும்பாலும் தாழ்ந்த மேட்டையே பெறுகிறது. இதற்கு நடைமுறையில் ஒரு விளைவு உண்டு, அது படத்தில் தெரியும். மேடு தாழ்வாக இருந்தால், இறக்கத்தில் சேணமும் சுமையும் கழுத்தை நோக்கிச் சரியும். அதைத் தடுக்கச் சேணத்திலிருந்து ஒரு வாரை வாலுக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டுவார்கள், அல்லது பின்தொடைகளைச் சுற்றி அகன்ற வார் ஒன்றைப் போடுவார்கள். ஆள் ஏறும் சேணத்தோடு இந்த வாரும் இருந்தால் என் கவனம் கூர்மையாகிவிடும். மலையில் சுமை தூக்கும் குதிரைக்கும், உருண்டு திரண்ட மட்டக்குதிரைக்கும் இதே வார் தேவைப்படும் என்பதால், இது விசாரிக்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இரண்டாவது, பின்புறம். குதிரையைப் பின்னாலிருந்து பார்த்தால் இரு பக்கமும் தசை திரண்டு அகன்று தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் இடுப்பிலிருந்து வால்வரை வட்டமாக வளையும். கழுதையின் பின்புறம் குறுகலானது. நடுவில் எலும்பு உயர்ந்து இரு பக்கமும் சரியும், பின்கால்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும். கோவேறு கழுதை இரண்டுக்கும் நடுவில்: குதிரையின் உயரம் இருக்கும், ஆனால் அந்த உயரத்துக்கு நாம் எதிர்பார்க்கும் அகலம் பின்னால் இருக்காது. பட்டினி கிடந்து மெலிந்த குதிரையின் பின்புறமும் இப்படித்தான் தெரியும். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தால் இந்தச் சாட்சியை ஒதுக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, குளம்பு. நான் மிகவும் விரும்பும் அடையாளம் இது. ஏனென்றால் யாரும் இதை ஒப்பனை செய்வதில்லை. குதிரையின் குளம்பு தரையை நெருங்க நெருங்க அகன்று, அடியில் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். கழுதையினுடையது சிறியது, குறுகியது, சுவர்கள் ஏறக்குறைய இணையாக இறங்கும், சாய்வும் செங்குத்து. கோவேறு கழுதையின் குளம்பு இதில் தந்தையின் பக்கம் சாய்கிறது: உடம்பின் பருமனைப் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிடக் குறுகலாக இருக்கும். புல்லும் சேறும் புழுதியும் இல்லாத தரையில், முன்னாலிருந்து எடுத்த படமாக இருந்தால் இந்தச் சாட்சி அருமையானது. வெட்டிச் சீர்செய்யாமல் வளர்ந்துபோன குளம்பு மட்டும் எந்த விலங்கிலும் உருக்குலைந்திருக்கும். அதை நம்ப வேண்டாம்.

நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். சாம்பல் உடம்பு, முதுகில் ஒரு கருங்கோடு, தோளில் குறுக்கே இன்னொரு கோடு, வெளிறிய மூக்கு, கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் என்பவை கழுதைக்கு உரியவைதான். ஆனால் முதுகுக் கோடும் காலில் வரிகளும் மங்கல் நிறக் குதிரைகளிலும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸ்மூர் மட்டக்குதிரைக்கு மூக்கும் கண்ணோரமும் வெளிறியே இருக்கும். கழுதைகளிலோ கறுப்பு, பழுப்பு, வெள்ளை, திட்டுத்திட்டானது என எல்லாம் இருக்கின்றன. உயரமும் அப்படித்தான். பிரான்ஸின் புவாத்து கழுதை, சடைசடையாகத் தொங்கும் நீண்ட மயிரோடு, பல மட்டக்குதிரைகளைவிட உயரமாக நிற்கும்; பெரிய கோவேறு கழுதைகளைப் பெறுவதற்காகவே பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட இனம் அது. நிறத்தையும் உயரத்தையும் வேறு சாட்சிகள் பேசிய பிறகு துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். பாறைப் பாதையில் சுமை விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. படமெடுத்தவர் பாதையின் ஓரத்தில், சற்றுப் பின்னால் நின்றிருக்கிறார். பழைய குறிப்பு, ‘சுமைக் குதிரைகள்’ என்கிறது. முன்னால் போகும் இரண்டும் சுமையால் முழுவதும் மறைந்திருக்கின்றன. மூன்றாவதுதான் தெளிவாக இருக்கிறது: கருநிற உடம்பு, மழித்த பிடரி, தலையைத் தாழ்த்திக் காதுகளைப் பின்னுக்கு அழுத்தியிருக்கிறது.

முதலில் வால். வாலுக்கு அடியில் ஒரு வார் போகிறது, அதனால் அடியில் கொஞ்சம் மறைந்திருக்கிறது. வாருக்குக் கீழே உடனேயே நீண்ட மயிர் தொடங்கி, பின்காலின் மடக்கு வரை விழுகிறது. தண்டு தனியாகத் தெரியவே இல்லை. ஆகவே கழுதை அல்ல. இங்கே ஒரு கேள்வி தீர்ந்தது. பழைய குறிப்பு எழுதியவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்; கழுதை இல்லை என்றால் குதிரை என்று.

பிறகு பிடரி: மழித்தது, பேசாது. தோள்மேடு: சுமைக்கு அடியில், தெரியாது. பின்புறம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. உயரத்துக்குக் குறுகலாக இருக்கிறது, வாலை நோக்கிச் சட்டென்று இறங்குகிறது. விலா தெரியவில்லை, தொடைத் தசை திடமாக இருக்கிறது. மெலிந்த விலங்கு அல்ல. ஒரு சாட்சி கோவேறு கழுதைக்கு. அடுத்து குளம்பு. முன்கால் ஒன்றைத் தூக்கி உயரமான கல்லின் மேல் வைத்திருக்கிறது; வெறும் கல், புல் இல்லை. குளம்பின் இரு ஓரங்களும் கிட்டத்தட்ட இணையாக இறங்குகின்றன, அடியில் விரியவில்லை. இரண்டாவது சாட்சி.

கடைசியாகக் காது. அழுத்திய காது கழுத்தோடு கலந்திருந்ததால் முதலில் எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மழித்த கழுத்தின் மேல் காதின் விளிம்பு ஒரு மெல்லிய கோடாக வந்தது. தலை சற்று அப்பால் திரும்பியிருந்ததால் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரமும் சுருங்கியிருந்தது. அளவை அப்படியே நம்ப முடியாது. ஆனால் காதும் பின்னுக்குச் சாய்ந்து, ஏறக்குறைய அதே கோணத்தில் சுருங்கித்தான் இருந்தது. அப்படி இருந்தும் காது அந்தத் தூரத்தைத் தெளிவாகத் தாண்டியது. மூன்று சாட்சிகள் ஒன்றுபட்டுவிட்டன. ‘கோவேறு கழுதை’ என்று எழுதினேன். பிறகு அதே தொகுப்பில், அதே கூட்டம் நின்று இளைப்பாறும் இன்னொரு படம் கிடைத்தது. அதே வார், அதே கட்டு. காதுகள் நன்றாக நிமிர்ந்து நீண்டிருந்தன. ஒரு தொடரில் பல படங்கள் இருந்தால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டுத்தான் முடிவு எழுத வேண்டும் என்பதை இதனால் வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு படத்தில் மறைந்தது அடுத்ததில் திரும்பி நிற்கும்.

வரிசையின் கடைசியில் வெளிர் நிற விலங்கு ஒன்று இருந்தது. வால் மேலிருந்தே அடர்ந்திருந்தது. தலை ஒருவரின் தோளுக்குப் பின்னால், குளம்புகள் புழுதியில். பின்புறம் ஓரளவு அகலம். ஒரே சாட்சி, அதுவும் அரைகுறை. ‘குதிரை அல்லது கோவேறு கழுதை’ என்று எழுதினேன். பக்கத்தில் நிற்பதெல்லாம் கோவேறு கழுதை என்பதால் இதுவும் அதுவே என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. சுமை வரிசைகளில் குதிரையும் கோவேறு கழுதையும் கலந்து போவது சாதாரணம். கோவேறு கழுதைகள் ஒரு பெண் குதிரையின் பின்னால் பணிந்து போகும் என்பதால், அப்படி ஒன்றைச் சேர்த்தே வரிசை அமைக்கும் பழக்கமும் உண்டு.

அடையாளங்கள் முட்டிக்கொள்ளும்போது, படம் நுணுக்கமாக இருந்தால், கால்களின் உட்புறத்தைப் பார்க்கலாம். குதிரையின் கால்களின் உட்புறத்தில் மயிர் இல்லாத, கரடுமுரடான சிறு காய்ப்பு ஒன்று இருக்கும். முன்கால்களில் முட்டிக்கு மேலே. பின்கால்களில் மடக்குக்குக் கீழே. கழுதைக்கு முன்கால்களில் மட்டுமே உண்டு, பின்கால்களில் இல்லை. ஆகவே பின்காலில் தெளிவான காய்ப்புத் தெரிந்தால் அது கழுதை அல்ல. கோவேறு கழுதையில் பின்காலில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சில குதிரைகளிலும் இல்லை. எனவே இருப்பது பேசும், இல்லாதது பேசாது. பெரும்பாலான படங்களில் இந்த இடம் நிழலில்தான் இருக்கும். கிடைத்தால் பயன்படுத்திக்கொள்கிறேன், தேடி அலைவதில்லை.

குட்டிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். குட்டியின் வாலும் பிடரியும் பயன்படாது. கால்கள் எல்லாக் குட்டிக்கும் நெடியவை. அங்கே தாய்தான் தடயம். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும் படம் என்றால், குடிப்பது யாரிடம் என்று பாருங்கள். பெண் குதிரையிடம் நீண்ட காதுள்ள குட்டி பால் குடித்தால் அது கோவேறு கழுதைக் குட்டி. கழுதைக் குட்டியாக இருக்க வழியில்லை, அனாதைக் குட்டியைச் சேர்த்துவிட்டிருந்தால் தவிர. பால் குடிக்காமல் பக்கத்தில் நிற்பது மட்டும் ஆதாரம் ஆகாது. கோவேறு கழுதைகள் குதிரைக் குட்டிகளிடம் மிகுந்த ஈடுபாடு காட்டும். சில, குட்டியைத் தாயிடமிருந்தே பிரித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்க்கும். கோவேறு கழுதையின் அருகே ஒட்டி நிற்கும் குட்டியைக் கண்டு ‘தாயும் சேயும்’ என்று குறிப்பு எழுதிவிட வேண்டாம்.

இன்னொரு கலப்பும் இருக்கிறது: ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறப்பது. ஹின்னி என்பார்கள். இது குறைவாகவே பிறக்கிறது. காது சற்றுக் குட்டை, பிடரியும் வாலும் சற்று அடர்த்தி, உடம்பு சிறியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தாய்க் கழுதை சிறியது என்பதால் உடம்பு சிறுத்திருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு கலப்பிலும் பாதி குதிரை, பாதி கழுதை. தோற்ற வேறுபாடு ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது. பிறப்பைப் பார்த்தவர் சொல்ல வேண்டும், அல்லது தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைச் சோதிக்க வேண்டும். புகைப்படம் இரண்டையும் தராது. சிறிய உடம்பும் அடர்ந்த வாலும் கொண்ட கோவேறு கழுதையைப் படத்தில் பார்த்து ‘இது ஹின்னிதானே?’ என்று யாராவது கேட்டால், வளர்த்தவரின் பதிவேடு இருக்கிறதா என்று கேட்கிறேன். பதிவேடு இல்லாத படங்களுக்கு, ‘கோவேறு கழுதை, பெற்றோர் விவரம் இல்லை’ என்று எழுதி, எந்த அடையாளங்களை வைத்து அப்படி முடிவு செய்தேன் என்பதையும் அடுத்த வரியில் குறிக்கிறேன்: ‘வால் மேலிருந்தே அடர்த்தி, காது கண்தூரத்தைத் தாண்டுகிறது, குளம்பு குறுகல்’. எனக்குப் பிறகு அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பவர் என் முடிவைச் சரிபார்க்கவோ மாற்றவோ அந்த ஒரு வரி வேண்டும்.